புள்ளியா, மச்சமா

அழிக்க வேண்டியிருந்த சொல் 'அமரர்'. நான்கு எழுத்து, ஒரே ஒரு புள்ளி. 2009இல் தாத்தா இறந்தபோது பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடித்த அச்சகத்தில், அவருடைய பழைய ஸ்டூடியோ படத்தை ஸ்கேன் செய்து, தாடைக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார்கள். கோப்பாக வீட்டுக்கு வந்ததும் அந்த எழுத்தோடுதான். எழுத்து இல்லாத கோப்பு என்று ஒன்று எங்கள் குடும்பத்தில் எப்போதுமே இருந்ததில்லை. தாளில் இருந்த மூலப்படம் 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா வீட்டோடு போய்விட்டது.

பிறகு அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேடை ஓரத்தில் தாத்தா படத்தைப் பெரிதாக வைக்க வேண்டும் என்று பாட்டி சொன்னார். ஆனால், "அந்த எழுத்து வேணாம். கல்யாணத்துல அதை யாரும் படிக்கக் கூடாது" என்றார். மாமா மகன் ஒருவன் கைப்பேசிச் செயலியில் எழுத்தின்மேல் விரலால் தேய்த்து அழித்தான். புலனத்தில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான். "ம இன்னும் லேசா தெரியுதே" என்று ஒரு சித்தி. மறுபடி தேய்த்து, மறுபடி சேமித்து, மறுபடி அனுப்பினான். அடுத்து பெரியப்பா மகள் வேறு செயலியில் முயன்றாள். இப்படி இரண்டு வாரத்தில் ஏழு பிரதிகள். ஏழாவதில் எழுத்து இல்லை. அத்தைதான் முதலில் சொன்னார்: "தம்பி, எழுத்து போச்சு சரி. தாத்தா தாடைக்கிட்ட கொசு மொய்க்கிற மாதிரி இருக்கே, அது என்னாது?"

நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் கேமரா வழிச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அத்தை சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பொறியாளர்களும் அதைக் 'கொசு இரைச்சல்' என்றுதான் சொல்கிறார்கள். அத்தைக்கு அது தெரிய வாய்ப்பில்லை. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொன்னார், அவ்வளவுதான்.

கைப்பேசியில் பார்க்கும்போது அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. படம் 960 பிக்சல் அகலம், 1280 பிக்சல் உயரம். கைப்பேசித் திரையில் எட்டு பிக்சல் என்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆனால் மேடைக்கு அடிக்கப்போவது 12க்கு 16 அங்குலப் படம். அதில் ஓர் அங்குலத்துக்கு 80 பிக்சல்தான் வரும். எட்டு பிக்சல் இரண்டரை மில்லிமீட்டர் ஆகிவிடும். நெல்மணி அகலத்துக்குச் சதுரம் சதுரமாக தாத்தாவின் தாடையோரம் முழுக்கத் தெரியும்.

ஏன் எட்டு? ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களாக வெட்டித்தான் சேமிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 64 பிக்சல் இருக்கும். அந்த 64 எண்களையும் நேரடியாக எழுதி வைக்காமல், 64 வகை அலை வடிவங்களில் எது எவ்வளவு கலந்தால் இந்தக் கட்டம் வரும் என்று கணக்குப் போட்டு, கலவை அளவை மட்டும் எழுதி வைக்கும். அந்தக் கணக்கை 1974இல் அகமது, நடராஜன், ராவ் என்ற மூவர் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஜொகூரில் மின்னியல் படித்த காலத்தில் அந்த மூன்று பெயர்களையும் பாடப்புத்தகத்தில் பார்த்து நாங்கள் இந்திய மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

இதில் இடத்தை மிச்சப்படுத்துவது கணக்கு அல்ல, அதற்குப் பிறகு நடக்கும் தோராயம். 23.4 என்று வந்த அளவை 24 என்றோ 20 என்றோ முழுமையாக்கி விடுவார்கள். சின்ன அளவுகள் பூஜ்ஜியமாகிவிடும். வெறும் சுவர், வானம் போன்ற இடங்களுக்கு ஓரிரண்டு அலைகள் போதும், அதனால் இழப்பு தெரியாது. ஆனால் எழுத்தின் விளிம்பு என்பது சட்டென்று கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவும் இடம். அதை உருவாக்க நிறைய அலைகள் சேர்ந்து, தேவையில்லாத பக்கத்தில் ஒன்றையொன்று அடித்து அமைதியாக வேண்டும். அவற்றில் சிலவற்றைத் தோராயமாக்கியதும் அந்த அமைதி குலைகிறது. எழுத்து கட்டத்தின் ஒரு மூலையைத் தொட்டிருந்தால்கூடப் போதும், மீதமுள்ள கட்டம் முழுவதும் சிற்றலைகள் நிற்கும். அத்தை பார்த்த கொசு அதுதான்.

இங்கேதான் விரலால் தேய்ப்பதன் சிக்கல். தேய்ப்பவர் எழுத்தின் உருவத்தைப் பின்தொடர்கிறார். 'ம'வின் கோட்டின்மேல் ஓட்டுகிறார், 'ர'வின் காலின்மேல் ஓட்டுகிறார். கோடு மறைகிறது. கோட்டைச் சுற்றி அதே கட்டத்துக்குள் நிற்கும் அலைகள் அப்படியே இருக்கின்றன. ஏழாவது பிரதியை மடிக்கணினியில் திறந்து, மாறுபாட்டைத் தாறுமாறாக ஏற்றிப் பார்த்தேன். பின்னணிச் சாம்பல் நிறம் கறுப்பும் வெள்ளையுமாகப் பிளந்தது. நடுவில் 'அமரர்' என்ற சொல் சதுரங்களால் எழுதிய மாதிரி தெளிவாக வாசிக்கக் கிடைத்தது. அழித்துவிட்டோம் என்று ஏழு முறை நினைத்த சொல்.

பலமுறை சேமித்ததால்தான் படம் கெட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவுகட்டி இருந்தார்கள். அது பாதிதான் சரி. எதையும் மாற்றாமல், அதே தர அளவில், அதே கட்ட வரிசையில் ஒரு ஜேபெக்கை மறுபடி மறுபடி சேமித்தால், சில முறைக்குப் பிறகு அது ஏறக்குறைய மாறாமல் நின்றுவிடும். ஏற்கெனவே முழுமையாக்கிய எண்ணை மறுபடி முழுமையாக்கினால் அதே எண்தானே வரும். எங்கள் படத்தில் நடந்தது வேறு. ஒவ்வொரு சேமிப்புக்கும் இடையில் யாரோ தேய்த்தார்கள். ஒவ்வொரு செயலிக்கும் தோராயமாக்கும் அட்டவணை வேறு. புலனம் தன் பங்குக்கு வேறு அட்டவணையில் சுருக்கும். தேய்த்த இடத்தில் புதுத் தோராயம், அந்தத் தோராயத்தின்மேல் மறுபடி தேய்ப்பு. மென்மையாகத் தேய்த்த பகுதிகளில் தரம் குறைந்த ஒரு சேமிப்பு எல்லா அலைகளையும் தூக்கிவிட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சராசரி வெளிச்சத்தை மட்டும் வைத்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் சராசரி ஓரிரு அளவு வேறுபட்டதும் தரையில் ஓடு பதித்த மாதிரி ஆகிவிட்டது. ஆக இரண்டு வகைக் கசடு: எழுத்தோரம் அலைகள், தேய்த்த இடத்தில் ஓடுகள். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

முதல் வேலை, குழுவில் கிடந்த பிரதிகளை எல்லாம் இறக்கி வரிசைப்படுத்தியது. இதற்கு ஒரு கட்டளை உண்டு:

```
identify -format "%Q %f\n" *.jpg
```

ஒவ்வொரு கோப்பும் எந்தத் தர அளவில் சேமிக்கப்பட்டது என்று மதிப்பிட்டுச் சொல்லும். மிக மோசமான ஏழாவது பிரதிக்கு 92 என்று வந்தது. நான்காவதுக்கு 75. 92 நல்ல பிரதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த எண் கடைசிச் சேமிப்பைப் பற்றி மட்டுமே பேசும். விரிசல் விட்ட சுவருக்கு விலையுயர்ந்த சாயம் அடித்த மாதிரி, ஏற்கெனவே உடைந்த படத்தை 92 தரத்தில் கவனமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கோப்பின் எடை பெரிதாக இருப்பதும் இப்படித்தான் ஏமாற்றும்.

எழுத்தோடு இருந்த பழைய கோப்பு யாரிடமாவது இருக்கிறதா என்று குழுவில் கேட்டேன். அது கிடைத்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஒருவரிடமும் இல்லை. எழுத்து இருந்ததால்தான் அழித்துவிட்டார்களாம். இருந்ததில் இரண்டாவது பிரதியை எடுத்தேன். அதில் எழுத்தின் சிவப்பு அங்கங்கே மிச்சம் இருந்தது, ஆனால் ஓடு பதித்த கசடு குறைவு. நன்றாக அழிக்கப்பட்ட பிரதியைவிட, குறைவாகத் தொடப்பட்ட பிரதி திருத்துவதற்கு லாயக்கு. அதை உடனே `thatha.png` என்று இழப்பில்லாத வடிவத்துக்கு மாற்றினேன். இனி எத்தனை முறை சேமித்தாலும் எதுவும் போகாது.

அடுத்து, கட்டங்களின் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும். யாராவது இடப்பக்கத்தையோ மேற்பக்கத்தையோ வெட்டியிருந்தால் பழைய கட்ட வரிசை ஒரு பக்கம், புதிய வரிசை இன்னொரு பக்கம் என்று இரண்டு வலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கண்ணால் தேடுவதைவிட எண்ணிப் பார்ப்பது சுலபம்:

```python
import numpy as np
from PIL import Image
Y = np.array(Image.open("thatha.png").convert("L"), float)
d = np.abs(np.diff(Y, axis=1)).mean(axis=0)
for k in range(8):
    print(k, round(d[k::8].mean(), 2))
```

பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளுக்கு இடையே வெளிச்சம் எவ்வளவு தாவுகிறது என்பதை எட்டு எட்டாகப் பிரித்துச் சராசரி போடுகிறது, அவ்வளவுதான். கட்ட எல்லையில் தாவல் கூடுதலாக இருக்கும். எனக்கு 0 முதல் 6 வரை எல்லாம் 2.1க்கு அருகில், 7இல் மட்டும் 3.4. எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் 7 என்பது ஏழாவது, எட்டாவது நெடுவரிசைகளுக்கு நடுவே உள்ள எல்லை. அதாவது வலை படத்தின் இடது ஓரத்திலிருந்தே சரியாகத் தொடங்குகிறது. வேறு எந்த எண்ணிலும் இரண்டாவது முகடு இல்லை. மேலிருந்து கீழாகவும் பார்த்தேன், அதே கதை. ஒரு ஆச்சரியம் என்னவென்றால், படம் வெட்டப்பட்டிருந்தது எனக்கே தெரியும். கீழே பெயரும் தேதியும் இருந்த பட்டையை யாரோ நறுக்கி இருந்தார்கள். ஆனால் கட்டங்கள் மேல் இடது மூலையிலிருந்து எண்ணப்படுபவை. கீழிருந்தோ வலமிருந்தோ வெட்டினால் வலை நகராது. அந்த அதிர்ஷ்டம் எங்களுக்கு இருந்தது. படத்தைச் சிறிதாக்கியிருந்தால் கட்டத்தின் அளவே எட்டிலிருந்து ஆறே சொச்சம் என்று மாறி, இந்தக் கணக்கு எதையும் காட்டியிருக்காது.

வலை ஒன்றே ஒன்று என்று தெரிந்ததால் வேலைப் பரப்பைக் குறிப்பது நேர்க்கணக்காகிவிட்டது. சொல் இருந்த இடம் அகலவாக்கில் 120ஆவது பிக்சலிலிருந்து 362 வரை, உயரவாக்கில் 700 முதல் 764 வரை. எழுத்தின் உருவத்தை மறந்துவிட்டு, அது தொட்ட கட்டங்கள் அனைத்தையும் எடுக்க வேண்டும். அதையும் எட்டால் அல்ல, பதினாறால் வகுபடும் எல்லைவரை நீட்டினேன். ஏனென்றால் ஜேபெக் பெரும்பாலும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கிறது. நிறத்துக்கான ஒரு கட்டம் படத்தில் பதினாறுக்குப் பதினாறு பிக்சலை மூடும். ஆகவே 112 முதல் 368 வரை, 688 முதல் 768 வரை. எண்ணினால் 320 கட்டங்கள். மொத்தப் படத்தில் 19,200 கட்டங்கள். அறுபதில் ஒரு பங்குதான், ஆனால் அந்த ஒரு பங்கின் வலது ஓரம் தாத்தாவின் தாடையில் முட்டி நிற்கிறது.

நிறத்திலிருந்து தொடங்கினேன், அது எளிது என்பதால். வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரிக்க ஒரு வரி போதும்:

```python
Y, Cb, Cr = Image.open("thatha.png").convert("YCbCr").split()
```

`Y` வெளிச்சம். மற்ற இரண்டும் நிறம். சிவப்பு எவ்வளவு என்பதை `Cr` காட்டும். கறுப்பு வெள்ளைப் படம் காலத்தில் கொஞ்சம் பழுப்பேறியது, அதனால் சுத்தமான கன்னத்தில் `Cr` 133 இருந்தது. எழுத்து இருந்த கட்டங்களில் 141வரை. கண்ணுக்கு இது லேசான இளஞ்சிவப்பு அழுக்காகத் தெரியும். யாரும் தேய்க்காத இடத்திலும் எழுத்தைத் தாண்டிப் பரவியிருந்தது. சேமிக்கும்போது நிறத்தைச் சுருக்குவதும் திறக்கும்போது விரித்து மென்மையாக்குவதும் நடப்பதால், ஒவ்வொரு முறையும் கறை அடுத்த கட்டத்துக்கு ஒரு துளி கசியும். வண்ணப்படமாக இருந்தால் இது பெரிய தலைவலி. எங்கள் படத்தில் பழுப்பு எங்கும் ஒன்றுதான், ஆகவே இரண்டு நிறத் தளங்களையும் முழுப் படத்துக்கும் ஒரே எண்ணால் நிரப்பிவிட்டேன். இளஞ்சிவப்பு ஒரே நொடியில் போனது.

ஆனால் நிரப்புவதற்கு முன்னால் அந்தக் கறைபட்ட நிறத் தளத்தைத் தனியாகச் சேமித்து வைத்தேன். காரணம், தாடையில் இருந்த ஒரு புள்ளி.

அத்தை கொசு என்று காட்டிய இடத்திலேயே, மற்ற கொசுக்களைவிடக் கறுப்பாக, நான்கு பிக்சல் அகலத்தில் ஒரு புள்ளி. 374 முதல் 377 வரை. கடைசி 'ர்' எழுத்தின் தலைப்புள்ளி அதற்கு இடப்பக்கம் இருபது பிக்சல் தள்ளி இருந்தது. குழுவில் இதைப் பற்றி ஏற்கெனவே விவாதம் ஓடியிருக்கிறது. "அது எழுத்தோட புள்ளி, சரியா அழியல" என்று மாமா மகன். "இல்லடா, அப்பாவுக்கு அங்க மச்சம் இருந்துச்சு" என்று அத்தை. பெரியப்பாவுக்கு மச்சம் எதுவும் ஞாபகம் இல்லை. ஏழாவது பிரதியில் யாரோ அதைத் தேய்த்து விட்டிருந்தார்கள். நான் எடுத்த இரண்டாவது பிரதியில் அது இருந்தது. அழிப்பதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். மூலப்படம் இல்லாததால், இந்தக் கோப்பில் அழித்தால் அது உலகத்திலிருந்தே போய்விடும்.

அந்தப் புள்ளி சுருக்கத்தால் வந்த அலையாக இருக்கலாம். எழுத்துப் புள்ளியின் மிச்சமாக இருக்கலாம். முகத்தில் நிஜமாகவே இருந்ததாக இருக்கலாம். முதலாவதைச் சோதிப்பது எளிது. அலை என்பது தன் கட்டத்துக்குள் பிறந்து கட்ட எல்லையில் நின்றுவிடும். எல்லையின் மறுபக்கம் வேறு கணக்கு, வேறு அலை. இந்தப் புள்ளி 376 என்ற எல்லையின் இரு பக்கமும் இரண்டு இரண்டு பிக்சலாக உட்கார்ந்திருந்தது. உருண்டையாக, நடுவில் வெட்டு இல்லாமல். இரண்டு தனித்தனிக் கட்டங்கள் தற்செயலாக ஒரே வட்டத்தின் இரண்டு பாதிகளை வரைவது நம்பக்கூடியதாக இல்லை. பக்கத்தில், காதுமடலுக்குக் கீழே இன்னொரு கறுப்புக் கோடு இருந்தது. அது 368இல் கத்தியால் நறுக்கியதுபோல் முடிந்தது. அது அலை. தயங்காமல் எடுத்தேன்.

இரண்டாவதுக்குத்தான் நிறத் தளம் உதவியது. எழுத்து சிவப்பு. அதன் மிச்சமாக இருந்தால் கறுப்போடு சிவப்பும் வந்திருக்கும். சேமித்து வைத்த `Cr` தளத்தில், புள்ளி இருந்த 368 முதல் 383 வரையான நிறக் கட்டத்தைப் பார்த்தேன். 134. கன்னத்தைவிட ஒன்றே ஒன்று அதிகம், அதுவும் கட்டத்தின் இடது ஓரத்தில், பக்கத்துக் கட்டத்திலிருந்து கசிந்த வாக்கில். புள்ளிக்கு நேராக எந்த உயர்வும் இல்லை. சிவப்பு மையில் வந்த புள்ளி இல்லை அது.

அத்தையிடம் சொன்னேன். "நான் சொன்னேன்ல, மச்சம்" என்றார். பாட்டியிடம் கேட்டபோது, "மச்சமா? சவரம் பண்றப்ப அடிக்கடி அங்கதான் கீறிக்குவார்" என்றார். கோப்பால் இதற்கு மேல் சாட்சி சொல்ல முடியாது. மூலத்தாளில் விழுந்த தூசியாகக்கூட இருக்கலாம். அச்சகம் எழுதிய சொல்லிலிருந்து வந்ததில்லை என்பது மட்டும் உறுதி. என் வேலை அந்தச் சொல்லை எடுப்பது. புள்ளியை விட்டுவிட்டேன்.

மீதி வேலை வெளிச்சத் தளத்தில். `GIMP` மென்பொருளில் `Wavelet-decompose` என்று ஒன்று உண்டு. படத்தை வெவ்வேறு கண் அளவுள்ள சல்லடைகளில் சலிப்பது மாதிரி, ஒரு பிக்சல் அளவு நுணுக்கம் ஒரு தளம், இரண்டு பிக்சல் ஒரு தளம், பிறகு நான்கு, எட்டு, பதினாறு என்று பிரித்து, கடைசியில் வெறும் வெளிச்ச மேகத்தை மட்டும் ஒரு தளத்தில் வைக்கும். எல்லாத் தளங்களையும் சேர்த்தால் பழைய படம் வந்துவிடும். ஓடு பதித்த கசடு பெரும்பாலும் எட்டு, பதினாறு பிக்சல் தளங்களில் மாட்டும். சிற்றலைகள் ஒன்று, இரண்டு பிக்சல் தளங்களில். ஆகவே ஒவ்வொன்றையும் அதன் தளத்தில் மட்டும் தொட்டால் போதும், மற்றவை கலங்காது.

தாத்தாவுக்குப் பின்னால் இருந்தது ஸ்டூடியோ திரை. மேகமூட்டமான சாம்பல், வேறொன்றும் இல்லை. அந்தப் பகுதியில் எட்டு, பதினாறு பிக்சல் தளங்களை வேலைப் பரப்புக்குள் நன்றாக மங்கலாக்கினேன். ஓடுகளின் எல்லை கரைந்தது. நுண்ணிய தளங்களில் மங்கலாக்கினால் அந்த இடம் பிளாஸ்டிக் மாதிரி வழவழக்கும், சுற்றியிருக்கும் இடமோ சொரசொரப்பாக இருக்கும். கல்யாண மண்டப விளக்கில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அதனால் வலப்பக்கத் திரையில் சுத்தமான பகுதியிலிருந்து நகல் எடுத்து வைத்தேன். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எடுக்கும் இடத்துக்கும் வைக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் எட்டின் மடங்காக இருக்க வேண்டும். சுத்தமான பகுதியிலும் மெல்லிய கட்டக் கோடுகள் உண்டு. 403 பிக்சல் தள்ளி நகலெடுத்தால் அந்தக் கோடுகள் புதிய இடத்தில் கட்டத்துக்கு நடுவில் விழுந்து, இல்லாத ஒரு வலையை உருவாக்கும். 400 தள்ளி எடுத்தால் கோடு கோட்டின்மேல் உட்கார்ந்துவிடும். `GIMP`-இல் வலையை எட்டுக்கு எட்டு என்று அமைத்து, தேர்வு அந்த வலையில் தானாக ஒட்டும்படி வைத்துவிட்டால் கணக்கே போட வேண்டாம்.

சட்டைக் காலரில்தான் திணறினேன். எழுத்தின் கால் காலர் விளிம்பைத் தொட்டிருந்தது. அந்த ஏழெட்டு கட்டங்களில் காலரின் சொந்த அலைகளும் எழுத்தின் அலைகளும் கலந்து கிடந்தன. எது எதனுடையது என்று பிரிக்க வழியில்லை. வலப்பக்கக் காலரைத் திருப்பிப் போட்டு ஒட்டிவிடலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறது, நிழல் பொய் சொல்லும். தவிர, அது அவருடைய சட்டை. நுண்ணிய தளங்களில் அந்தக் கட்டங்களின் வலிமையைப் பாதியாகக் குறைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். உற்றுப் பார்த்தால் காலர் ஓரம் கொஞ்சம் நடுங்கும். தாடைப் பகுதியிலும் அப்படித்தான், அலை என்று உறுதியானதை மட்டும் தொட்டேன்.

கடைசியாக முழுப் படத்துக்கும், வேலை செய்த இடம் செய்யாத இடம் என்று பார்க்காமல், வெளிச்சத் தளத்தில் மட்டும் மிக மெல்லிய துகள் தூவினேன். 256 அளவுகளில் இரண்டு மூன்று அளவு ஏறி இறங்கும், அவ்வளவுதான். படச்சுருளின் சொந்தத் துகளை ஜேபெக் எப்போதோ துடைத்துவிட்டது. இது அதை மீட்டுத் தராது. ஆனால் ஓரிரு அளவு வித்தியாசத்தில் மிச்சமிருக்கும் ஓட்டு விளிம்புகள் இதற்குள் மறைந்துவிடும், ஒட்டுப் போட்ட இடமும் மற்ற இடமும் ஒரே தோலாகத் தெரியும். துகள் தூவுவதற்கு முன்பே ஒருமுறை மாறுபாட்டைத் தாறுமாறாக ஏற்றிப் பார்த்துவிட்டேன். தூவிய பிறகு பார்த்தால் துகள் நம்மையே ஏமாற்றிவிடும். சொல் வாசிக்கக் கிடைக்கவில்லை. படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியும் பார்த்தேன், ஏனென்றால் பெரிய மங்கல் திட்டு அருகில் தெரியாது, தூரத்தில்தான் தெரியும். தாத்தாவின் தோளுக்கு மேல் ஒரு வெளிறல் இருந்தது, அதை வெளிச்ச மேகத் தளத்தில் சரிசெய்தேன்.

இதெல்லாம் முடிந்த பிறகே படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினேன். முதலில் பெரிதாக்கினால் எட்டு பிக்சல் கட்டம் இருபத்துநான்காகி, கசடும் சேர்ந்து வழவழப்பாகி, எது கட்டம் எது முகம் என்று தெரியாமல் போய்விடும்.

அச்சடிக்கும் கடையில், "புலனத்துல அனுப்பிடுங்க பாஸ்" என்றார்கள். டிஃப் கோப்பை விரலியில் போட்டு நேரில் கொண்டுபோனேன். முதல் பிரதி வந்ததும் பின்னணித் திரையில் மறுபடி மெல்லிய சதுரங்கள். என் திரையில் அவை இல்லை. இயந்திரத்தில் தானாகக் கூர்மையாக்கும் வசதி திறந்திருந்தது. கூர்மையாக்குவது என்றால் விளிம்புகளைத் தேடிப் பெரிதாக்குவது, அதற்குக் கட்ட எல்லையும் ஒரு விளிம்புதான். அதை அணைத்துவிட்டு இன்னொன்று அடித்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் முதல் பிரதிக்கும் சேர்த்துக் காசு வாங்கினார். இரண்டாவதில் சதுரங்கள் இல்லை. காலர் ஓரம் கொஞ்சம் நடுங்கியது. தாடையில் அந்தக் கறுப்புப் புள்ளி, ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில், உருண்டையாக இருந்தது.